டேர்ம் பீஸ் முழுதும் கட்டிய பிறகு ரூ.4,400 பாக்கியா?

"குலசேகரத்திலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுக்குப் போகிறார். மகன் 7-ம் வகுப்பு, மகள் 3-ம் வகுப்பு, ஒரே மெட்ரிக் பள்ளி. டேர்முக்கு மகனுக்கு 8,000, மகளுக்கு 600 சலுகை போக 5,400, மொத்தம் 13,400. மழையில் வெட்டு இல்லாததால் ஜூன் 15-ல் கட்ட வேண்டியதை ஜூலை 15-ல் கட்டினோம். அடுத்த இரண்டும் கடைசி நாளான செப்டம்பர் 15, ஜனவரி 10-லேயே கட்டியாச்சு. ஜனவரி 31-ல் தந்த கணக்கில் 4,400 பாக்கி என்கிறார்கள். பரீட்சைக்கு விடமாட்டோம் என்றும் சொல்கிறார்கள். என்ன செய்வது?"

சகோதரி, நீங்கள் அனுப்பிய கணக்குத்தாளையும் ரசீதுகளையும் சுற்றறிக்கையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் பார்த்தேன். நீங்கள் கட்டியது 40,200, வருடக் கட்டணமும் அதேதான். அப்படியென்றால் இந்த 4,400-ல் பீஸ் என்று ஒரு ரூபாய்கூட இல்லை. 2,600 அபராதம், மீதி 1,800 மகளின் சலுகையை மூன்று டேர்முக்கும் ரத்து செய்து திரும்பச் சேர்த்தது.

முதலில் அபராதம். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு 10 ரூபாய் என்று சுற்றறிக்கையில் இருக்கிறது. நீங்கள் தாமதித்தது 30 நாள், இரண்டு பிள்ளைகளுக்கும் 600. அது இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் பள்ளி என்ன செய்திருக்கிறது என்றால், நீங்கள் கட்டிய 13,400-லிருந்து அந்த 600-ஐ முதலில் அபராதத்துக்கு எடுத்துக்கொண்டு, மகனின் பீஸில் 600 குறைகிறது என்று எழுதியிருக்கிறது. அந்த 600-க்கு செப்டம்பர் 15 வரை 62 நாள், 620 ரூபாய் அபராதம்! அடுத்த டேர்ம் பணம் வந்ததும் அதிலிருந்து 1,220 பிடித்தம், அதற்குப் பிறகு 117 நாளுக்கு 1,170, கடைசியில் ஜனவரி மாதத்துக்கு 210. இரண்டு டேர்ம் நாள் தவறாமல் கட்டியும் தாமதக் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது இதனால்தான்.

இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-ன் 59-வது பிரிவு இதற்கு நேரான பதில். ஒருவர் பல பாக்கி வைத்திருக்கும்போது, எதற்காகக் கட்டுகிறார் என்று சொன்னாலோ, சூழ்நிலையிலிருந்தே அது தெரிந்தாலோ, பணத்தை வாங்கிக்கொண்டவர் அந்தப் பாக்கியில்தான் வரவு வைக்க வேண்டும். சட்டத்திலேயே ஓர் உதாரணம் உண்டு: 567 ரூபாய் கேட்டு எழுதுகிறார், மற்றவர் சரியாக 567 அனுப்புகிறார், அது அந்தக் கடனுக்குத்தான். உங்களிடம் 13,400 கேட்டார்கள், நீங்கள் சரியாக 13,400 கட்டினீர்கள். அதைவிடப் பெரிய சாட்சி உங்கள் ரசீதுகள். மூன்றிலும் 'டேர்ம் பீஸ் 13,400' என்று பள்ளியே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறது, அபராதம் என்ற சொல்லே இல்லை. ரசீதில் ஒன்று, கணக்குத்தாளில் வேறொன்று என்று வைத்துக்கொள்ள முடியாது. அந்த ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம், அபராதத் தொகை எழுதியே இருந்தாலும் 74-வது பிரிவின்படி நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். 600-க்கு இரண்டு மாதத்தில் 620 என்பது எந்த வகையிலும் நியாயமாக எனக்குப் படவில்லை.

சலுகை விஷயத்தில் உங்கள் பக்கம் இவ்வளவு பலமில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். சுற்றறிக்கையின் அடியில் 'உரிய தேதிக்குள் கட்டுவோருக்கு மட்டும்' என்று ஒரு வரி இருக்கிறது. அதனால் முதல் டேர்மின் 600-ஐ அவர்கள் கேட்கலாம். மற்ற இரண்டும் உரிய தேதியில் கட்டியவை, அந்த 1,200-ஐக் கேட்க அந்த வரியே இடம் தரவில்லை. ஆக, சுற்றறிக்கையில் இருப்பதை முழுதாக ஏற்றாலும் அபராதம் 600, முதல் டேர்ம் சலுகை 600 என்று அதிகபட்சம் 1,200-தான், 4,400 அல்ல.

இன்னொன்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2009-ம் ஆண்டுச் சட்டப்படி தனியார் பள்ளிக் கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது, அதற்கு மேல் வாங்கக்கூடாது. குழு 3-ம் வகுப்புக்கு நிர்ணயித்த தொகை டேர்முக்கு 5,400-ஆகவே இருந்தால், 6,000 என்று போட்டு 600 குறைத்தது சலுகையே இல்லை. அந்த உத்தரவின் நகலைக் கேளுங்கள்.

இப்போது தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மூன்று ரசீதின் தேதியும் தொகையும், எந்தப் பணத்தை எந்த வரியில் வரவு வைத்தார்கள் என்ற தேதிவாரிக் கணக்கு வேண்டும் என்ற கோரிக்கையும் போதும். நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள், மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான ஒப்புகையும் கேட்டு வாங்குங்கள். கூடவே 600 ரூபாயை 'முதல் டேர்ம் தாமத அபராதம் மட்டும், மற்றதற்கு ஆட்சேபணை உண்டு' என்று எழுதிக் கட்டிவிடுங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் அதே கடிதத்துடன் நாகர்கோவிலில் முதன்மைக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள்.

பரீட்சைக்கு விடமாட்டோம் என்று மறுபடி சொன்னால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். இருவரும் 8-ம் வகுப்புக்குள் இருப்பதால் கட்டாயக் கல்விச் சட்டம் பொருந்தும், அதன் 17-வது பிரிவு பிள்ளையை மனரீதியாகத் துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. பாக்கிக்காக மகனை வகுப்புக்கு வெளியே நிறுத்தினால் அன்றைக்கே, அந்தப் பதினைந்து நாளுக்குக் காத்திருக்காமல், நாகர்கோவிலுக்குப் போய்விடுங்கள்.