பில்லில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: எங்களுக்கு சாஃப்ட்வேர் செய்து தரும் டீம் "ரிப்போர்ட் முடிந்தது" என்று பில் அனுப்பிவிட்டது. டவுன்லோட் கொடுத்தால் சுற்றிக்கொண்டே நிற்கிறது. கேட்டால் "அது புது வேலை, தனியாகப் பணம்" என்கிறார்கள். பணத்தை நிறுத்தலாமா?

பதில்: முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். என்னென்ன செய்ய வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும், எதுவரை வந்தால் ஒரு வேலை முடிந்ததாகக் கணக்கு என்று ஒரு வரி இருக்காது. சண்டை அங்கேதான் பிறக்கிறது.

டெவலப்பர் தன் கம்ப்யூட்டரில் 20 வரி சோதனை டேட்டாவை வைத்து பட்டனை அழுத்தியிருப்பார், எக்செல் ஃபைல் இறங்கியிருக்கும், அவரைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. உங்களிடம் 40,000 வரி இருக்கலாம். அத்தனையையும் ஒரே மூச்சில் எடுக்கப் போய், நேரம் தாண்டி, சர்வர் பாதியிலேயே டைம்அவுட் ஆகிறது. உங்களுக்கு இது பிழை, அவருக்கு இது வேகப்படுத்தும் தனி வேலை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இதைத் தடுக்க, வேலை தொடங்கும் முன்பே இரு தரப்பும் உட்கார்ந்து ஐந்தாறு வரி எழுத வேண்டும். ஒருவர் எழுதிய கோட் முழுவதையும் இன்னொரு டெவலப்பர் பார்த்திருக்க வேண்டும், லைவுக்குப் போகும் முன் சோதித்துப் பார்க்கும் ஸ்டேஜிங் சர்வரில் ஏற்றியிருக்க வேண்டும், நிஜத்தில் வரும் அளவு டேட்டாவில் ஓட்டியிருக்க வேண்டும், உங்கள் ஆள் அங்கேயே சோதித்து ஓகே சொல்லியிருக்க வேண்டும், அந்த ஓகேக்கு இத்தனை நாள் என்று கெடுவும் வேண்டும். இதைத்தான் டெஃபனிஷன் ஆஃப் டன் என்கிறார்கள். இது எல்லா வேலைக்கும் பொது. ரிப்போர்ட்டில் எந்தக் காலம், தேதி எந்த வடிவம் என்பதெல்லாம் அந்தந்த வேலையோடு தனியாக எழுத வேண்டியவை. ஸ்க்ரம் என்ற, சாஃப்ட்வேர் டீம்கள் பின்பற்றும் வேலை முறைக்கான ஸ்க்ரம் கைடின் 2020 பதிப்பு, இந்த அளவுகோலைத் தொடாத வேலையை வெளியிடவும் கூடாது, ரிவ்யூ கூட்டத்தில் காட்டவும் கூடாது என்கிறது. நடப்பில் என்ன செய்கிறார்கள்? "90% முடிந்தது" என்று வாராவாரம் மெயில். அந்த மீதி 10% மாதக்கணக்கில் இழுக்கும். சதவீதத்தை ஏற்காதீர்கள், ஒன்று முடிந்தது, இல்லையேல் முடியவில்லை.

ஒரு விலக்கு உண்டு, இதில் டெவலப்பர் பக்கம்தான் நியாயம். பேமென்ட் கேட்வே இணைப்பு என்று வையுங்கள். நிஜப் பணம் ஓட லைவ் கீ என்ற ரகசியக் குறியீடு வேண்டும், உங்கள் ஆவணங்களைப் பார்த்து கேட்வே நிறுவனம் அனுமதித்த பிறகே அது கிடைக்கும். அது டெவலப்பர் கையில் இல்லை. ஆகவே அந்த வேலை சோதனைக் கீயில் பணம் கட்டுவது, தோற்பது, திரும்பப் பெறுவது மூன்றும் ஓடினால் முடிந்தது என்றும், லைவுக்கு மாற்றுவது தனி வரி, கீ வந்த பிறகு என்றும் எழுதிக்கொள்ளுங்கள். ஆப் ஸ்டோர் அனுமதி விஷயத்திலும் இதே கதைதான்.

அப்புறம், இடைத்தரகர்கள். வேலையைப் பிடித்து வேறொரு டீமிடம் தள்ளிவிடும் ஆள் "எல்லாம் அடக்கம் சார்" என்பார், எழுதிக் கேட்டால் நழுவுவார். உங்களிடம் ஒன்று, டீமிடம் ஒன்று சொல்லியிருப்பார். கோட் எழுதும் ஆட்கள் அந்த ஐந்தாறு வரியைப் பார்த்துச் சம்மதித்தார்களா என்று நேரடியாகக் கேளுங்கள். அவர்களைக் காட்ட மறுத்தால் அந்த ஆளே வேண்டாம்.

இப்போதைய பில்லில் மற்ற வேலைகளுக்கு உரியதைக் கொடுத்துவிடுங்கள், ரிப்போர்ட்டுக்கு மட்டும் நிறுத்துங்கள். டேட்டா அளவை முன்பே மெயிலில் சொல்லியிருந்தால் சரிசெய்யும் செலவு அவர்களுடையது. சொல்லவில்லை என்றால் பாதிப் பாதி பேசி முடியுங்கள், அந்த வரிகளை எழுதாமல் அடுத்த வேலையைத் தொடங்க விடாதீர்கள்.