கையிலிருக்கும் செக் கடனைக் குறைக்காது

கேள்வி: கல்முனையில் விவசாய மருந்து மொத்த வியாபாரம் செய்கிறேன். படுவான்கரைக் கடைக்கார அண்ணர் ஒருவருக்குக் கடன் எல்லை 800,000 ரூபா, தவணை 45 நாள். ஜூலை பில் 410,000, ஓகஸ்ட் 18 பில் 285,000, செப்டம்பர் பில் 180,000 நிற்கிறது. ஜூலை பில்லுக்கு ஒக்டோபர் 15இல் 200,000, 30இல் 210,000 என இரண்டு செக் தந்திருக்கிறார். இப்போது பெரும்போகத்துக்கு 300,000க்குச் சாமான் கேட்கிறார். "செக் தந்துட்டன்தானே தம்பி, இடம் இருக்கு" என்கிறார். எப்படி மறுப்பது?

– வாசகர், கல்முனை

பதில்: அண்ணர் ஏமாற்றவில்லை. உங்கள் கொப்பியையே அவர் திருப்பிச் சொல்கிறார். செக் வாங்கிய அன்றே ஜூலை பில்லை வெட்டியிருப்பீர்கள். அதனால் மீதி 465,000 என்று தெரிகிறது, 300,000 சேர்த்தாலும் எல்லைக்குள்தான் நிற்கிறது. ஆனால் பின்திகதி போட்ட செக், வங்கியில் காசாகும்வரை வெறும் வாக்குறுதிதான். திரும்பி வந்தால் 410,000உம் உங்கள் தலையில். ஆகவே செக்குக்குத் தனி நிரல் ஒன்று போடுங்கள், காசான பிறகே பில்லை வெட்டுங்கள். அப்படிப் பார்த்தால் இன்றைய கடன் 875,000. புதிய ஓடர் வருவதற்கு முன்பே எல்லை 75,000 தாண்டிவிட்டது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். "75,000 கட்டினால் சாமான் வரும்" என்று சொல்லிவிடுவார்கள். அவர் கட்டிவிட்டு லொறியை எதிர்பார்ப்பார். 75,000 கட்டினால் கடன் எல்லைக்கு வந்து நிற்கும், ஒரு போத்தலுக்கும் இடமிருக்காது. முழு ஓடரும் போக 375,000 காசாக வேண்டும். விதைப்பு நேரத்தில் அதை ஒரேயடியாகக் கேட்டால் அவரால் முடியாது. சிறுபோகத்தில் விவசாயிகளுக்குக் கொடுத்த கடன் அவருக்கே முழுதாக வந்திருக்காது.

ஓகஸ்ட் பில்லைப் பிடியுங்கள். ஒக்டோபர் 2உடன் அதன் 45 நாள் முடிந்தது, செக்கும் இல்லை. அந்த 285,000 வந்தால் கடன் 590,000 ஆகும், 210,000க்கு இடம் கிடைக்கும். விதை நெல்லையும் விதைத்தவுடன் அடிக்கும் புல் மருந்தையும் அதற்குள் அனுப்புங்கள். பூச்சி மருந்து பயிர் வளர்ந்த பிறகுதான் தேவை, மீதி 90,000க்கான அந்தச் சாமான் காத்திருக்கலாம். 15ஆந் திகதி செக் காசானால் கடன் 600,000க்கு இறங்கும், அன்றே அதையும் ஏற்றலாம். செக் திரும்பினால் ஏற்றக்கூடாது. அதை இப்போதே சொல்லிவிட வேண்டும்.

பேசுவதற்கு முன், அவர் திருப்பித் தந்த காலாவதி மருந்து ஏதும் கணக்கில் கழிக்கப்படாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் கழிக்க மறந்த 20,000 இருந்தால் பேச்சு அதிலேயே நின்றுவிடும். பிறகு நீங்களே தொலைபேசியில் பேசுங்கள். லொறி சாரதி கடை வாசலில், விவசாயிகள் முன்னால், "முதலாளி சாமான் தர வேணாமெண்டவர்" என்று சொல்லும் நிலை வரவே கூடாது. ஓடர் எடுக்கும் விற்பனைப் பையனிடமும் அதே எண்களைக் கொடுங்கள். அவன் "ரெண்டு நாள்ல அனுப்புறன்" என்று வாயால் கொடுத்த வாக்குத்தான் பெரும்பாலும் சண்டையாகிறது.

பேசி முடித்ததும் எழுத்தில் அனுப்புங்கள்:

"அண்ணர், வணக்கம். இன்றுவரை காசாகாத பில்கள்: ஜூலை 410,000 (செக் 15/10, 30/10), ஓகஸ்ட் 285,000, செப்டம்பர் 180,000. மொத்தம் 875,000, எல்லை 800,000. அதனால் 300,000 ஓடரை நிறுத்தி வைத்திருக்கிறோம். ஓகஸ்ட் பில் 285,000 வங்கிக்கு வந்த அன்றே விதை நெல், புல் மருந்து 210,000க்கு ஏற்றுவோம். மீதி 90,000, 15ஆந் திகதி செக் காசானதும் வரும். கணக்கில் பிழை இருந்தால் சொல்லுங்கள்."

"கணக்கை முடித்துவிட்டுப் பேசுங்கள்" என்ற ஒற்றை வரியை அனுப்பாதீர்கள். எவ்வளவு, எப்போது என்று தெரியாத மனிதர் வேறு மொத்த வியாபாரியிடம் போவார், உங்கள் பழைய கடன் கடைசி வரிசைக்குப் போய்விடும். பணம் வரும்போது எந்தப் பில்லுக்கு என்று பற்றுச்சீட்டில் எழுதுங்கள். வேறு யாரோ எழுதிய செக்கை அவர் நீட்டினால், அதுவும் காசாகும்வரை அதே நிரல்தான்.

இன்னொன்று. நல்ல உறவு இருக்கும் இந்த நேரத்திலேயே மீதியை உறுதிப்படுத்தி ஒரு தாளில் அவரது கையொப்பம் வாங்குங்கள். கடனுக்கு விற்ற சாமானின் பணத்துக்கு, அது கட்டவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்கு வைக்க வேண்டும் என்கிறது 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம். அவர் கையொப்பமிட்டுக் கடனை ஏற்றால் அந்தக் காலம் புதிதாகத் தொடங்கும். வட்ஸ்அப்பில் வரும் "ஓம் தம்பி"யை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அடுத்த லொறி போகும்போது இரண்டு பிரதி அனுப்புங்கள், ஒன்று அவருக்கு, ஒன்று உங்களுக்கு.