ஒரே 89 ரூபாய், இரண்டு திட்டங்கள்: யூடியூப் பிரீமியம் வாங்கும் முன்

கேள்வி: என் மகள் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள், விடுதியில் தங்கியிருக்கிறாள். பாட வீடியோக்களைப் பேருந்தில் போகும்போது திரையை அணைத்துவிட்டுக் கேட்க வேண்டும், குறிப்பெடுக்கும்போது சிறிய கட்டத்தில் பார்க்க வேண்டும், அதற்கு யூடியூப் பிரீமியம் வாங்கித் தாருங்கள் என்கிறாள். மாணவர் திட்டம் மாதம் 89 ரூபாய், பிரீமியம் லைட் என்ற இன்னொன்றும் 89 ரூபாய் என்று காட்டுகிறது. இரண்டில் எது? விலை குறைவு என்பதற்காக மாணவர் திட்டத்தில் எதையாவது வெட்டியிருக்கிறார்களா? என் கணக்கிலேயே வாங்கி இருவரும் பயன்படுத்த முடியாதா?

பதில்: மாணவர் திட்டத்தை, உங்கள் மகளின் கணக்கில் வாங்குங்கள். அந்தத் திட்டத்தில் வெட்டு எதுவும் இல்லை. தனிநபர் திட்டத்தில் கிடைக்கும் விளம்பரமற்ற காட்சி, பின்னணியில் ஒலிக்கும் வசதி, பிக்சர் இன் பிக்சர் எனப்படும் மிதக்கும் சிறு கட்டம், இணையம் இல்லாதபோது பார்ப்பதற்கான பதிவிறக்கம், யூடியூப் மியூசிக் பிரீமியம் ஆகிய அனைத்தும் மாணவருக்கும் அப்படியே கிடைக்கின்றன. வேறுபாடு வசதிகளில் இல்லை. யார் வாங்கலாம், எத்தனை ஆண்டு வாங்கலாம், எந்த வழியில் பணம் கட்டலாம் என்பவற்றில்தான் இருக்கிறது.

லைட் திட்டம் வேறு வகையானது. இந்தியாவில் 2025 செப்டம்பர் இறுதியில் 89 ரூபாய்க்கு அது அறிமுகமானபோது, பெரும்பாலான வீடியோக்களில் விளம்பரத்தை நீக்குவது மட்டுமே அதன் வேலையாக இருந்தது. பின்னணி ஒலிப்பும் பதிவிறக்கமும் அதில் இல்லை. இசை வீடியோக்களிலும், ஷார்ட்ஸிலும், தேடும்போதும் பட்டியலைப் புரட்டும்போதும் விளம்பரம் வரலாம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தார்கள். இத்தகைய திட்டங்களில் வசதிகளைப் பின்னால் சேர்ப்பதும் எடுப்பதும் நடக்கும் என்பதால், வாங்கும் பக்கத்தில் Background play என்ற வரி லைட்டுக்கு நேராக இருக்கிறதா, இருந்தால் அதனுடன் இசைக்குப் பொருந்தாது என்ற நிபந்தனை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியிருந்தாலும், முழுத் திட்டத்தையே அதே 89 ரூபாய்க்கு வாங்கும் தகுதியுள்ள ஒருவர் லைட்டை எடுப்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. லைட் என்பது அந்தத் தகுதி இல்லாதவர்களுக்கானது. அவர்களிலும் விளம்பரத் தொல்லை மட்டும் போனால் போதும் என்பவர்களுக்கானது.

மகள் கேட்கும் இரண்டு வசதிகளும் ஒன்றுபோலத் தோன்றினாலும் தனித்தனியானவை என்பதை அறிந்துகொள்வது நல்லது, ஏனெனில் வாங்கிய பிறகு எழும் குழப்பங்களில் பாதி இங்குதான் தொடங்குகிறது. பின்னணி ஒலிப்பு என்றால் திரை அணைந்த பிறகும், வேறு செயலிக்குப் போன பிறகும் ஒலி தொடர்வது, படம் இருக்காது. பிக்சர் இன் பிக்சர் என்றால் வேறு செயலி திறந்திருக்கும்போது அதன் மேல் ஒரு மூலையில் படம் ஓடுவது. திரை எரிந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. ஐபோனில் சிறு கட்டத்தில் ஓடும்போது போனைப் பூட்டினால் வீடியோ நின்றுவிடும். பூட்டிய திரையில் தெரியும் இயக்கு பொத்தானை அழுத்தினால் அதன் பிறகு ஒலி மட்டும் தொடரும். பழுது என்று நினைத்துவிட வேண்டாம், அதன் அமைப்பே அப்படித்தான்.

அவர் குறிப்பெடுப்பது மடிக்கணினியில் என்றால் சிறு கட்டத்துக்காகப் பணமே கட்ட வேண்டியதில்லை. குரோம் உலாவியில் ஓடும் வீடியோவின் மேல் வலது பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் வரும் பட்டியலில் Picture in picture என்ற வரி இருக்கும். பயர்பாக்ஸில் வீடியோவின் ஓரத்திலேயே அதற்கான பொத்தான் தோன்றும். கைப்பேசியில்தான் யூடியூப் இதைக் கட்டண வசதியாக வைத்தது. 2022இல் ஐபோனுக்கு இந்த வசதியை விரிவாக்கியபோது, அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு இசையல்லாத வீடியோக்களில் அதை இலவசமாகவும், மற்ற நாடுகளில் பிரீமியம் உறுப்பினர்களுக்கு மட்டும் என்றும் பிரித்தார்கள். அமெரிக்காவில் இருக்கும் உறவினர் "எனக்குச் சும்மாவே வருகிறதே" என்று சொன்னால் அதன் காரணம் இதுதான். நாட்டுக்கு நாடு மாறும் விதி நாளைக்கு இங்கும் மாறலாம் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் மகளின் போனில் ஒரு பாட வீடியோவை ஓடவிட்டு முகப்புத் திரைக்குப் போகச் சொல்லுங்கள். கட்டம் மிதந்தால் அந்த ஒரு வசதிக்காக நீங்கள் பணம் தர வேண்டியதில்லை; எஞ்சியிருக்கும் பின்னணி ஒலிப்புக்கும் பதிவிறக்கத்துக்கும் 89 ரூபாய் தகுமா என்பதே அப்போது கேள்வி.

இனித் தகுதி. மாணவர் திட்டம் பட்டம் வழங்கும், அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிறுவனத்தில் படிப்பவர்களுக்கு மட்டும். பிளஸ் டூ மாணவருக்கும், தனிப்பயிற்சி மையத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவருக்கும் கிடைக்காது. சரிபார்ப்பதை யூடியூப் தானே செய்வதில்லை. ஷீர்ஐடி என்ற வெளி நிறுவனம் செய்கிறது. உலாவியில் youtube.com/premium/student என்ற முகவரிக்குப் போய்க் கல்லூரியின் பெயர், மாணவரின் பெயர், பிறந்த தேதி முதலியவற்றைக் கொடுக்க வேண்டும். அதிலேயே உறுதியாகாவிட்டால் ஆவணம் கேட்பார்கள். பெயர், கல்லூரியின் பெயர், நடப்புக் கல்வியாண்டைக் காட்டும் தேதி ஆகிய மூன்றும் ஒரே ஆவணத்தில் தெரிய வேண்டும் என்பதே அதன் சாரம். நம் கல்லூரி அடையாள அட்டைகள் பலவற்றில் படிப்புக் காலம் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும். முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பினால் தேதி இல்லை என்று திருப்பப்பட வாய்ப்பு அதிகம். இந்தப் பருவத்தின் கட்டண ரசீது கையில் இருந்தால் அதை அனுப்புவது மேல். பெயரின் தலைப்பெழுத்தை ஆவணத்தில் உள்ளபடியே படிவத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

கல்லூரி கொடுத்த மின்னஞ்சல் கணக்கில் வாங்க வேண்டாம். அது கல்லூரி நிர்வாகியின் கட்டுப்பாட்டில் இருப்பதால் சில வசதிகள் அடைக்கப்பட்டிருக்கலாம், படிப்பு முடிந்ததும் கணக்கே மூடப்படலாம். சரிபார்ப்புக்குக் கல்லூரி விவரமும், உறுப்பினராவதற்குச் சொந்த ஜிமெயில் கணக்கும் என்று பிரித்துக்கொள்வதில் தடை இல்லை. கட்டணம் செலுத்தும் கார்டு உங்களுடையதாக இருக்கலாம். உறுப்பினர் யார் என்பதைக் கணக்குதான் தீர்மானிக்கிறது, பணம் யாருடையது என்பது அல்ல.

உங்கள் கணக்கில் வாங்கி இருவரும் பயன்படுத்துவதைப் பற்றி. நீங்கள் மாணவர் அல்லர் என்பதால் உங்கள் கணக்குக்கு 149 ரூபாய்த் தனிநபர் திட்டம்தான் கிடைக்கும். அதையும் அவர் போனில் உங்கள் கணக்கைத் திறந்து வைத்துத்தான் பகிர முடியும். அப்படிச் செய்தால் நீங்கள் பார்த்த பட்டியலும் அவர் பார்த்த பட்டியலும் ஒன்றாகக் கலந்து, இருவருக்கும் பரிந்துரைகள் பாழாகும். மாணவர் திட்டத்தைக் குடும்பத்தாருடன் பகிர வழியில்லை. குடும்பத் திட்டம் 299 ரூபாய்; வாங்குபவரைத் தவிர இன்னும் ஐந்து பேரைச் சேர்க்கலாம், ஆனால் எல்லோரும் ஒரே வீட்டு முகவரியில் வசிக்க வேண்டும் என்பது அதன் விதி, அதைக் கணினி வழியாகச் சோதிக்கவும் செய்கிறார்கள். விடுதியில் இருக்கும் மகள் இந்த விதிக்குள் வருவது ஐயமே. உங்களுக்கும் பிரீமியம் வேண்டுமென்றால்கூட அவருக்கு 89, உங்களுக்கு 149 என்று மாதம் 238 ரூபாய்தான் ஆகிறது. வீட்டில் இன்னும் ஒருவர் கேட்டால் மொத்தம் 387 ஆகிவிடும்; அப்போதும் மகள் அதில் சேர முடிந்தால்தான் குடும்பத் திட்டத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நான் சொல்லும் விலைகள் 2024 ஆகஸ்டில் உயர்த்தப்பட்டவை. அதற்கு முன் மாணவருக்கு 79, தனிநபருக்கு 129 என்றிருந்தது. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் மாணவருக்கு 1,068 ரூபாய். தனிநபர் மாதந்தோறும் கட்டினால் 1,788, ஆண்டுக்கு முன்பணமாகக் கட்டினால் 1,490. அந்த முன்பணத் திட்டத்தோடு ஒப்பிட்டாலும் மாணவர் திட்டத்தில் 422 ரூபாய் மிச்சம். ஐபோன் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: செயலிக்குள்ளிருந்தே தனிநபர் திட்டத்தை வாங்கினால் ஆப்பிள் வழியாகப் போவதால் விலை கூடுதல். எந்தத் திட்டமானாலும் உலாவியில் வாங்கி, அதே கணக்கில் செயலியைத் திறப்பதே சரி.

பெயர் ஒற்றுமையால் ஏமாறக்கூடிய இடம் யூடியூப் மியூசிக் பிரீமியம். அதற்கும் மாணவர் விலை உண்டு, அது இன்னும் மலிவு, அதன் பட்டியலிலும் பின்னணி ஒலிப்பு இருக்கும். ஆனால் அது மியூசிக் செயலிக்குள் மட்டுமே செல்லும். சாதாரண யூடியூப் செயலியில் பேராசிரியரின் வகுப்பைத் திறந்து திரையை அணைத்தால் ஒலி நின்றுவிடும்.

வாங்கிய பிறகு ஒலி தொடரவில்லையென்றால், முதலில் செயலியின் வலது மூலையில் இருக்கும் கணக்கு, பணம் கட்டிய கணக்குதானா என்று பாருங்கள். ஒரே போனில் இரண்டு மூன்று ஜிமெயில் வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் விடை கிடைக்கும். அடுத்து Settings பகுதியில் பின்னணி ஒலிப்புக்கான தெரிவைப் பாருங்கள். அது Always on என்றிருக்க வேண்டும். ஹெட்போன் இணைத்திருக்கும்போது மட்டும் ஒலிக்கும் தெரிவும் அங்கே இருப்பதால், ஹெட்போனைக் கழற்றியதும் நிற்கிறது என்றால் காரணம் அதுவே. சில நிமிடம் ஒலித்துவிட்டுத் தானாக நிற்பது ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேமிப்புக் கட்டுப்பாட்டின் வேலை. போனின் அமைப்பில் யூடியூப் செயலிக்கு அந்தக் கட்டுப்பாட்டை நீக்க வேண்டும். சிறு கட்டம் மட்டும் வரவில்லையென்றால் யூடியூப் செயலிக்குள் ஒரு பொத்தானும், போனின் அமைப்பில் செயலிக்கான அனுமதியும் என இரண்டு இடங்களில் Picture-in-picture இயக்கப்பட்டிருக்க வேண்டும்.

பேருந்தில் சிக்னல் விட்டுவிட்டு வரும் பாதையானால், பின்னணி ஒலிப்பு மட்டும் உதவாது. விடுதியின் வைஃபையில் முந்தின இரவே பதிவிறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவிறக்கியவை செயலிக்குள்ளேயே இருக்கும். 30 நாட்களுக்கு ஒருமுறையாவது இணையத்தோடு இணைந்தால்தான் தொடர்ந்து ஓடும்.

மாணவர் தகுதியை ஆண்டுதோறும் மீண்டும் உறுதிப்படுத்த வேண்டும். மொத்தம் நான்கு ஆண்டுகள்தான் சலுகை. இரண்டாம் ஆண்டில் தொடங்கும் உங்கள் மகளுக்குப் படிப்பு முடியும்வரை அது போதும். நினைவூட்டல் அவருடைய ஜிமெயிலுக்கு வரும், பணம் பிடிக்கப்படும் முன்னறிவிப்போ உங்கள் வங்கியிலிருந்து உங்களுக்கு வரும். தானாகப் பணம் எடுக்கும் ஒப்புதல்களில் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக அறிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தச் செய்தியில் 89க்குப் பதிலாக வேறு தொகை இருந்தால் சலுகை நின்றுவிட்டதா என்று உடனே மகளிடம் கேளுங்கள். பாதி மாதத்தில் ரத்து செய்தால் மீதிப் பணம் பொதுவாகத் திரும்புவதில்லை. ஆனால் கட்டிய மாதம் முடியும்வரை எல்லா வசதிகளும் இருக்கும், ஆகவே தேர்வு விடுமுறையில் நிறுத்த நினைத்தால் அடுத்த கட்டணத் தேதிக்கு முன் எந்த நாளிலும் நிறுத்தலாம்.