மாதம் முடிந்தது, இன்வொய்ஸ் போடவில்லை: செய்த வேலையின் வருமானத்தை எப்படி எழுதுவது?

ஹட்டன்: அண்ணா, நாங்கள் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கு மெஷின் திருத்திக் கொடுக்கிறோம். டிரையர் வேலை ஒன்று 9 இலட்சத்துக்குப் பேசியது. 5ஆம் திகதி 250,000க்கு இன்வொய்ஸ் போட்டு வருமானத்தில் எழுதிவிட்டேன், மீதி முழுவதும் வேலை முடிந்த பிறகுதான். மொத்தச் செலவு 6 இலட்சம் வரும். இதுவரை 420,000 போய்விட்டது. அதில் 120,000 புது ஃபேன், இன்னும் எங்கள் ஸ்டோரில்தான் இருக்கிறது. அப்போ 70% வேலை முடிந்தது என்று எழுதலாமா?

ஃபேனைப் பற்றிச் சொன்னது நல்லதாகப் போயிற்று தங்கச்சி, விஷயமே அதில்தான் இருக்கிறது. டிரையர் தோட்டத்துக்குச் சொந்தம். நீங்கள் செய்கிற வேலை அன்றன்றே அவர்களுடைய பொருளில் போய்ச் சேர்கிறது. அதனால்தான் முடியும் வரை காத்திருக்காமல், செய்த அளவுக்கு வருமானம் எழுதுகிறோம். ஸ்டோரில் கிடக்கும் ஃபேன் இன்னும் அவர்களிடம் போகவில்லை. அதை வாங்கிய பணம் செலவாகியிருக்கலாம், வேலை நகரவில்லை. அது உங்கள் சரக்கிருப்பு.

அதைக் கழித்தால் செலவு 300,000. மொத்தம் 600,000 என்றால் பாதி வேலை முடிந்திருக்கிறது. 9 இலட்சத்தில் பாதி 450,000. அதில் 250,000 ஏற்கனவே எழுதியாயிற்று. மீதி 200,000தான் மாதக் கடைசியில் எழுத வேண்டியது: செய்து முடித்தும் இன்வொய்ஸ் போடாத தொகை நிற்கும் ஒப்பந்தச் சொத்துக் கணக்கில் டெபிட், வருமானத்தில் கிரெடிட். 70% போட்டிருந்தால் இந்த மாத வருமானம் 180,000 கூடிப்போயிருக்கும்.

இன்னொன்று, அந்த 6 இலட்சத்தை மாதாமாதம் திரும்பப் பாருங்கள். டிரையரைத் திறந்த பிறகு கூடுதல் வேலை தெரியவந்து செலவு ஏறினால், பாதி என்ற கணக்கே மாறிவிடும்.

நுவரெலியா: 200,000 என்பது தப்பு. 18% வற் சேர்த்து 236,000 எழுத வேண்டும். கஸ்டமரிடம் அதைத்தானே வாங்கப்போகிறோம்?

வாங்கப்போவது 236,000தான், அது சரி. ஆனால் 36,000 அரசாங்கத்துப் பணம், வருமானத்தில் ஏறாது. வற் எந்த மாதத்துக் கணக்கில் விழும் என்பது வேறு சட்டம். இன்வொய்ஸ் போடும் திகதியை மட்டும் வைத்து அது முடிவாவதில்லை, வரி பார்ப்பவரிடம் தனியாகக் கேளுங்கள்.

பதுளை: நாங்களும் இப்படித்தான் எழுதுகிறோம். ஆனால் அடுத்த மாதம் இலாபம் எகிறிப்போகிறது, ஏன் என்று முதலாளி கேட்கிறார்.

மாதக் கடைசியில் எழுதியதை அடுத்த மாதம் 1ஆம் திகதி டெபிட், கிரெடிட் இரண்டையும் மாற்றிப்போட்டுத் திருப்பி எழுதினீர்களா? பெரும்பாலும் அங்கேதான் விட்டுப்போகிறது. ஹட்டன் வேலையையே எடுத்துக்கொள்வோம். அடுத்த மாதம் வேலை முடிந்து, மீதி 650,000க்கு இன்வொய்ஸ் போடுகிறார்கள், சிஸ்டம் முழுவதையும் வருமானத்தில் ஏற்றிவிடுகிறது. 200,000ஐத் திருப்பவில்லை என்றால் அது இரண்டு தடவை வந்துவிடும். திருப்பியிருந்தால் அந்த மாதத்துக்கு 450,000 நிற்கும், இரண்டு மாதமும் சேர்ந்து 9 இலட்சம்.

கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு வேலைக்கும் மொத்த வருமானத்தைக் கூட்டிப் பேசிய தொகையோடு வைத்துப் பாருங்கள். 9 இலட்சத்து வேலையில் 11 இலட்சம் வருமானம் தெரிந்தால் திருப்பி எழுதவில்லை என்று அர்த்தம். இன்வொய்ஸ் போட்டு முடிந்த வேலைக்கு ஒப்பந்தச் சொத்தில் மீதி நின்றாலும் அதே கதைதான்.

அடுத்த மாதமும் இன்வொய்ஸ் போகவில்லை என்றாலும் 1ஆம் திகதி திருப்பத்தான் வேண்டும். அப்புறம் மாதக் கடைசியில் தொடக்கத்திலிருந்து கணக்கிட்டு, இன்வொய்ஸ் போட்டதைக் கழித்து, மீதி முழுவதையும் புதிதாக எழுதுங்கள்.

தலவாக்கலை: எங்கள் தேயிலை கொழும்புக்குப் போய்விட்டது, ஏலம் அடுத்த மாதம்தான். அதையும் இப்படி எழுதலாம் இல்லையா?

இல்லை. ஏலத்தில் விற்பனையாகும் வரை அது உங்கள் தேயிலை. கொழும்பில் இருந்தாலும் சரக்கிருப்புதான். இங்கே பேசுவது வேறொருவருக்காக ஏற்கனவே செய்துவிட்ட வேலையை.

பண்டாரவளை: எங்கள் வேலை முடிந்தே விட்டது. ஆனால் டீமேக்கர் ஜொப் ஷீட்டில் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறார், டிரையரில் சூடு சரியாக வரவில்லையாம். முழுத் தொகையும் எழுதலாமா?

அவர் சொல்வது உண்மையா என்று முதலில் பாருங்கள். சூடு இத்தனை பாகை வர வேண்டும் என்று பேசியிருந்து அது வரவில்லை என்றால் வேலை முடியவில்லை, திருத்தப் போகும் செலவையும் மொத்தச் செலவில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். சூடு வருகிறது, கையெழுத்துதான் இழுபடுகிறது என்றால், அளந்த தாளையும் திகதியையும் வைத்துக்கொண்டு எழுதலாம், ஒடிட்டர் கேட்பதும் அதைத்தான். தொகையைக் குறைக்கச் சொல்லி அவர்கள் பேரம் பேசினால், பின்னால் திருப்பி எடுக்க வேண்டிவராது என்று நீங்கள் உறுதியாக நம்பும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள்.

பண்டாரவளை: எத்தனை பாகை என்று ஒன்றுமே எழுத்தில் இல்லையே. ஃபோனில் பேசினதுதான்.

அப்படியானால் இங்கிருந்து ஒரு முடிவு சொல்ல என்னால் முடியாது. விலை கேட்டு வந்த மெசேஜ், நீங்கள் அனுப்பிய கொட்டேஷன், அதற்கு அவர்கள் தந்த பதில், ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்ததைப் போடுங்கள், பார்ப்போம்.