ரசீது கையில் இருக்கிறது, 80ஜி விலக்கு கிடைக்குமா?

கேள்வி: 80ஜி பதிவுள்ள ஓர் அறக்கட்டளைக்கு ஏழை மாணவர்களின் படிப்புச் செலவுக்காக 2024 ஆகஸ்டில் 50,000 ரூபாய் கொடுத்தேன். 40,000 வங்கி மூலம், மீதி ரொக்கம். ‘நன்கொடை ரூ.50,000 நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்’ என்று ஒரே ரசீது தந்தார்கள். இது செல்லாது என்கிறார் ஆடிட்டர். பழைய வரிமுறையில்தான் கணக்குத் தாக்கல் செய்கிறேன். அவர்களிடம் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பதில்: பணம் கொடுத்ததற்கு அந்த ரசீது நல்ல சாட்சிதான். ஆனால் வரிவிலக்குக்கு அது மட்டும் போதாது. 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடை பெற்ற அமைப்பு வருமானவரித் துறைக்குப் படிவம் 10பிடி-யில் நன்கொடையாளர் வாரியாகக் கணக்குக் கொடுக்க வேண்டும். அதைத் தாக்கல் செய்த பிறகு துறையின் இணையதளத்திலிருந்து இறக்கி உங்களுக்குத் தரும் நன்கொடைச் சான்றிதழ்தான் படிவம் 10பிஇ. இரண்டுக்கும் கெடு, நிதியாண்டு முடிந்ததும் வரும் மே 31. உங்கள் விலக்கை அதிகாரி ஒப்பிடுவது இந்தக் கணக்கோடுதான். ரசீது எவ்வளவு அழகாக அச்சடிக்கப்பட்டிருந்தாலும் அதோடு அல்ல.

ஆகவே முதலில் 10பிஇ-யைக் கேளுங்கள். வந்ததும் உங்கள் பெயர், பான் எண், தொகை, அறக்கட்டளையின் பான் எண், 80ஜி பதிவு எண் ஆகியவற்றைச் சரிபாருங்கள். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் நன்கொடை வேறொருவர் கணக்கில் போய் நிற்கும். பிழை இருந்தால் அறக்கட்டளை திருத்திய 10பிடி தாக்கல் செய்து, புதிய 10பிஇ தர முடியும். பேனாவால் அடித்துத் திருத்தி முத்திரை குத்திக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் அந்த ‘ஒரே ரசீது’. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த நன்கொடைக்கு 80ஜி-யில் விலக்கே இல்லை. முதல் 2,000 ரூபாய்க்காவது கிடைக்குமா என்று பலர் கேட்பார்கள். கிடைக்காது, 10,000 முழுவதும் போகும். மீதி 40,000 ரூபாய்க்கு, அறக்கட்டளை 50 சதவீத விலக்கு வகையைச் சேர்ந்ததாக இருந்தால், 20,000 ரூபாய் உங்கள் வருமானத்திலிருந்து கழியும். நன்கொடை உங்கள் மொத்த வருமானத்தில் (80ஜி தவிர்த்த மற்ற கழிவுகள் போக) 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற உச்சவரம்பும் உண்டு. அந்த வருமானம் 9 லட்சம் என்றால் வரம்பு 90,000. அப்படியானால் உங்களுக்கு அது தடையில்லை.

ரொக்கத்தையும் வங்கிப் பணத்தையும் கலந்து ஒரே வரியில் 50,000 என்று 10பிடி-யில் ஏற்றியிருந்தால், அது உங்கள் வங்கிக் கணக்கோடு பொருந்தாது. முறை வாரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடவே, உங்கள் கோப்புக்காக இப்படி ஒரு ஒப்புகைக் கடிதமும் வாங்கி வையுங்கள்:

“தங்களிடமிருந்து 12.08.2024 அன்று வங்கிப் பரிமாற்றம் மூலம் (பரிமாற்ற எண் ……) ரூ.40,000-மும், அதே நாளில் ரொக்கமாக ரூ.10,000-மும் பெற்றோம். இதற்கான ரசீது எண் ……. தாங்கள் …… தேதியிட்ட செய்தியில் கேட்டுக்கொண்டபடி இத்தொகை மாணவர் கல்வி உதவிக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. எமது பான் ……. 80ஜி பதிவு எண் …….”

தேதியை உங்கள் வங்கிக் கணக்கைப் பார்த்து நிரப்புங்கள். ‘நோக்கம்’ பற்றிய வரி வரிவிலக்கின் அளவை மாற்றாது. ஆனால் நாளை அந்தப் பணம் கட்டட வேலைக்குப் போய்விட்டால், கேள்வி கேட்க உங்களுக்கு இருக்கும் பிடி அதுதான். கொடுத்தபோது அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ இருந்தால் அதன் தேதியைக் குறிப்பிடச் சொல்லுங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால், இப்போது பழைய தேதியிட்டு ஒரு கடிதம் தயாரிக்க வேண்டாம். இன்றைய தேதியில் எழுதி, அவர்கள் ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்து வாங்குவதே பாதுகாப்பு. மூலதன நிதிக்கென்று கொடுப்பவர்கள் மட்டும், கொடுக்கும்போதே அதை எழுத்தில் குறிப்பிட்டுவிட வேண்டும்.

ரசீதில் ரெவின்யூ ஸ்டாம்ப் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். பிரதிபலன் இல்லாமல் கொடுத்த பணத்துக்கான ரசீதுக்கு முத்திரைச் சட்டமே விலக்கு தருகிறது.

அறக்கட்டளை இழுத்தடித்தால், பதிவுத் தபாலில் ஒரு கடிதம் போடுங்கள். 10பிடி தாமதமானால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணமும், அதற்கு மேல் 10,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் அவர்கள் தலையில் விழும் என்பதை அதில் ஒரு வரியாகச் சேருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே வேலை நடந்துவிடும். 10பிஇ வருவதற்குள் நீங்கள் கணக்குத் தாக்கல் செய்துவிட்டிருந்தாலும், திருத்திய கணக்குக்கான கெடுவுக்குள் அந்த 40,000 ரூபாய்க்கு விலக்குக் கேட்கலாம். 2024-25 நிதியாண்டுக்கு அந்தக் கெடு 2025 டிசம்பர் 31.