அம்மா பேரில் ஏன் எழுதச் சொல்கிறார்?

கேள்வி: அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. வங்கியில் 2,40,000 தனிநபர் கடன் நிற்கிறது. ஃபைனான்ஸ்காரரிடம் புரோநோட்டில் வாங்கியது 3,60,000. அப்பா பேரில் வேறொரு வங்கியில் 2,00,000 டெபாசிட் இருக்கிறது. அவர் பைக்கைத் தம்பி 40,000-க்கு விற்றுப் பணத்தை வைத்திருக்கிறான். ஆஸ்பத்திரி, அடக்கச் செலவு 60,000 நான் கொடுத்தேன். வீடு தாத்தா அம்மாவுக்கு எழுதி வைத்தது. பி.எஃப். பணமும் நாமினியான அம்மாவுக்கு வந்துவிட்டது. புரோநோட்டை அம்மா பேரில் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டால் ஃபைனான்ஸ்காரர் வட்டியைக் குறைப்பார் என்கிறார் அண்ணன். கடனை நாங்கள் கட்டித்தான் ஆக வேண்டுமா?

பதில்: அண்ணன் தன் பேரில் எழுதிக் கொடுக்கிறேன் என்று ஏன் சொல்லவில்லை? அதை அவரிடமே கேளுங்கள். வீடும் பி.எஃப். பணமும் அம்மாவிடம் இருக்கின்றன, ஃபைனான்ஸ்காரரின் கண் அங்கேதான். இன்று அந்த இரண்டையும் அவரால் தொட முடியாது. வீடு அப்பாவுடையதே அல்ல. நாமினிக்குப் போன பி.எஃப். பணத்தை இறந்தவரின் கடன் தொடாது என்று பி.எஃப். சட்டமே சொல்கிறது. அம்மா புதுப் புரோநோட்டில் கையெழுத்திட்டால், அது அம்மாவே வாங்கிய கடன். கையெழுத்து இருந்தால் பணம் கைமாறியதாகத்தான் நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அம்மா. வட்டிச் சலுகைக்காகத் தாயின் கூரையை அடகு வைக்கச் சொல்லும் மூத்த மகனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

தந்தை கடனை மகன் தீர்ப்பது தர்மக் கடமை என்று முன்பு மகன்மேல் வழக்குப் போட முடிந்தது. 2005 செப்டம்பர் 9-க்குப் பிறகு வாங்கிய கடனுக்கு அந்தக் காரணத்தை மட்டும் சொல்லி வழக்குப் போட முடியாது. அப்பாவிடமிருந்து உங்கள் கைக்கு வந்தது எவ்வளவோ அவ்வளவுதான் உங்கள் பொறுப்பு. உங்களில் யாராவது எந்தக் கடனுக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை வேறு, அவர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும். முதலில் அதை விசாரியுங்கள்.

ஆனால் அப்பாவிடமிருந்து வந்ததை மறைக்கவும் முடியாது. தம்பி கையில் இருக்கும் 40,000 அவனுடையது அல்ல. அதைச் செலவழித்துவிட்டு நீதிமன்றத்தில் கணக்குக் காட்ட முடியாமல் நின்றால், அந்த அளவுக்கு அவன் சொந்தச் சொத்தே ஜப்தியாகலாம். அப்பாவின் கடன் நிற்கும்போது அப்பாவின் பொருளைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வது எனக்கு ஒப்பாத காரியம். நாளைக்கே அந்தப் பணத்தைப் பொதுவில் வைக்கச் சொல்லுங்கள்.

இனி கணக்கு. தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழ் வாங்கி டெபாசிட்டை எடுங்கள். பைக் பணத்தோடு 2,40,000. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925, சொத்தை நிர்வகிப்பவருக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறது. நியாயமான அடக்கச் செலவும், இறப்பதற்கு முந்தைய ஒரு மாத வைத்தியச் செலவும் எல்லாக் கடனுக்கும் முன்னால் வரும். நீங்கள் கொடுத்த 60,000 அந்த வகை என்றால் ரசீதைக் காட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மீதி 1,80,000. வேலையாட்களுக்குக் கடைசி மூன்று மாதக் கூலி பாக்கி இருந்தால் அடுத்தது அது. அப்புறம் அடமானம் இல்லாத கடன்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விகிதம். மொத்தக் கடன் 6,00,000 என்பதால் ரூபாய்க்கு 30 பைசா விழும்: வங்கிக்கு 72,000, ஃபைனான்ஸ்காரருக்கு 1,08,000. வாசலில் வந்து சத்தம் போடுகிறார் என்று அவருக்கே முழுவதையும் கொடுத்துவிட்டால், வங்கி உங்களிடம் கணக்குக் கேட்கும். இந்த வரிசைப்படி கொடுத்திருந்தால் காட்ட உங்களிடம் கணக்கு இருக்கும்.

கொடுப்பதற்கு முன் இருவருக்கும் பதிவுத் தபாலில் இறப்புச் சான்றிதழ் நகல் அனுப்பி, பாக்கிக் கணக்கும் புரோநோட்டின் இரு பக்க நகலும் கேளுங்கள். பின்பக்கம் முக்கியம். புரோநோட்டு எழுதிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தக் கெடுவுக்குள் அப்பா வட்டி கட்டி, வரவு எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தேதியிலிருந்து மூன்று வருடம் புதிதாக ஓடும். ‘ஐயாயிரம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஒரு கையெழுத்து’ என்று கேட்டால் யாரும் போடாதீர்கள். பணத்தை வங்கி மூலமே கொடுத்து, ‘இறந்தவரின் சொத்திலிருந்து’ என்ற வார்த்தையோடு ரசீது வாங்குங்கள்.

ஃபைனான்ஸ்காரர் வழக்குப் போட்டால் வாரிசுகள் எல்லோருக்கும் சம்மன் வரும். போகாமல் இருந்துவிடாதீர்கள். உங்கள் பொறுப்பு அப்பாவின் சொத்து அளவுக்கு மட்டுமே என்பதைப் பதில் மனுவிலேயே எழுதி, இந்தக் கணக்கைச் சேர்த்துக் கொடுங்கள்.

வங்கிக்கு 72,000 அனுப்பும் முன் ஒன்று பாருங்கள். கடன் கொடுத்த மாதத்தில் காப்பீட்டு பிரீமியம் பிடித்திருக்கிறதா? பிடித்திருந்து, காப்பீடு கடன் முழுவதையும் அடைத்தால், வங்கி இந்தக் கணக்கிலிருந்தே விலகிவிடும். அப்போது 1,80,000-மும் ஃபைனான்ஸ்காரருக்குத்தான்.