ஒரே விடைத்தாள், இரண்டு மதிப்பெண்: எதை இறுதியாக வைப்பது?

வேதியியல் ஆசிரியை: போட்டோ எடுத்து அனுப்பிய விடைத்தாளை நானும் இன்னொருவரும் தனித்தனியாகத் திருத்தினோம். 50-க்கு அவர் 38, நான் 29. கூட்டி இரண்டால் வகுத்து 33.5 போட்டுவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். இருவரும் போட்ட கூட்டல் சரியா என்று பார்த்துவிட்டு, மொத்தத்தை ஒதுக்கி வைத்து வினாவாரியாக மதிப்பெண்களை இங்கே எழுதுங்கள்.

வேதியியல் ஆசிரியை: ஐந்து வினா, ஒவ்வொன்றும் 10. அவர் 8, 7, 8, 7, 8. நான் 8, 6, 7, 0, 8.

பதில்: 9 மதிப்பெண் வித்தியாசத்தில் 7 நான்காவது வினாவிலேயே கிடக்கிறது. ஒருவர் 7 போட்ட விடைக்கு இன்னொருவர் பூஜ்யம் போட்டிருந்தால், கறார் என்று நினைப்பதற்கு முன் அந்த விடை அவர் கண்ணில் பட்டதா என்று கேட்க வேண்டும். உங்கள் இருவருக்கும் வந்த படங்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் விடுபட்டிருக்கலாம், வரிசை மாறியிருக்கலாம், பென்சில் எழுத்து நிழலில் மறைந்திருக்கலாம், ஓரம் வெட்டுப்பட்டிருக்கலாம்.

வேதியியல் ஆசிரியை: அவருக்கு 8 படம், எனக்கு 7! விடுபட்ட பக்கத்தை வாங்கித் திருத்தினேன், 5 வருகிறது. அவர் போட்ட 7 ஏற்கெனவே தெரியும் என்பதால் விடைக்குறிப்பில் எந்தப் படிக்கு எத்தனை என்று பக்கத்திலேயே குறித்துவிட்டேன்.

பதில்: அப்படிக் குறித்ததுதான் சரி. இப்போது 38, 34. எத்தனை மதிப்பெண் வரை வித்தியாசம் இருந்தால் சராசரி எடுக்கலாம் என்று திருத்தத் தொடங்கும் முன்பே பேசி வைத்திருந்தீர்களா? 5 என்று வைத்திருந்தால் சராசரி 36, அதுவே இறுதி. அந்த எல்லையை இப்போது உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். மாணவரின் பெயர் தெரிந்த பிறகு எல்லை தானாக நகரும். முதலில் சொன்ன 33.5-ஐப் போட்டிருந்தால், வராத ஒரு படத்துக்காக அந்தப் பிள்ளை 2.5 மதிப்பெண் இழந்திருக்கும்.

இன்னொன்று. மொத்தம் ஒத்துப்போன தாள்களையும் வினாவாரியாகப் பாருங்கள். ஒரு வினாவில் 3 கூடி இன்னொன்றில் 3 குறைந்தால் இருவர் மொத்தமும் 31 என்றே வரும், தகராறு வெளியே தெரியாது.

கணித ஆசிரியர்: இவ்வளவு எதற்கு? ஒருவர் கறார், ஒருவர் தாராளம். சராசரி வித்தியாசத்தைக் கறாரானவர் மதிப்பெண்ணோடு கூட்டிவிட்டால் முடிந்தது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

பதில்: பாதி சரி. எக்செல் போன்ற விரிதாளில் இரண்டாவது வரியிலிருந்து, B-யில் ஒருவர் மதிப்பெண், C-யில் மற்றவர் மதிப்பெண் என்று வைத்து, D2-வில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=B2-C2
```

30 தாளிலும் வித்தியாசம் 2-க்கும் 4-க்கும் நடுவிலேயே நின்றால் அது கறார்தான், உங்கள் வழி செல்லும். ஒரு தாளில் +8, அடுத்ததில் -7 என்று தாவினால் சராசரி பூஜ்யத்தை ஒட்டி வந்தாலும் அதற்கு அர்த்தமில்லை. விடைக்குறிப்பை இருவரும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் ஒரே வினாவில்தான் மாட்டும்: வழி சரி, கடைசி விடை தப்பு, அதற்கு எத்தனை? அதைப் பேசி முடிவெடுத்து, அந்த வினாவை மட்டும் எல்லாத் தாளிலும் மறுபடி திருத்துங்கள்.

வரலாறு ஆசிரியர்: எனக்கும் இதே பிரச்சினைதான். என் வகுப்பை நான் திருத்தினேன், பக்கத்து வகுப்பை இன்னொருவர். அவர் வகுப்புச் சராசரி 6 கூடுதல். எவ்வளவு குறைக்கலாம்?

பதில்: உங்களுடையது வேறு கதை. ஒரே தாளை இருவரும் திருத்தவில்லையே. அந்த 6, திருத்தியவரின் தாராளமா, அந்த வகுப்பு நன்றாக எழுதியதா என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. ஆளுக்குச் சில தாள்களை மதிப்பெண் காட்டாமல் மாற்றித் திருத்துங்கள். அதுவரை யாருக்கும் குறைக்காதீர்கள்.

தமிழாசிரியை: கட்டுரை வினாவில் எல்லையைத் தாண்டிப் போய்விடுகிறது, இருவருமே இறங்கி வருவதில்லை. சீனியர் சொன்னதை வைத்துவிடுகிறோம்.

பதில்: அப்படியானால் இன்னொருவர் திருத்தியதே வீண். இருவர் மதிப்பெண்ணும் தெரியாத மூன்றாமவரிடம் சுத்தமான படத்தைக் கொடுங்கள். 15-க்கு 12, 6 என்று இருக்க அவர் 11 போட்டால், நெருங்கிய இரண்டான 12, 11-ன் சராசரியை எடுப்பேன்.

கணித ஆசிரியர்: மூன்றாமவர் 9 போட்டால்?

பதில்: இரண்டு பக்கமும் 3. அங்கே என் வழி நின்றுவிடும். மூன்றாமவர் மதிப்பெண்ணே இறுதி என்பவர்கள் உண்டு, மூவரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பவர்களும் உண்டு. கட்டுரைக்கு நான் இரண்டாவது கட்சி, கணக்குக்கு முதல் கட்சி. எதுவானாலும் முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்: எனக்கு வந்த படங்களில் முதல் ஆசிரியரின் சிவப்பு மை டிக்கும் மதிப்பெண்ணும் அப்படியே இருக்கின்றன. பரவாயில்லையா?

பதில்: திருத்தாதீர்கள். அவர் 6 போட்டதைப் பார்த்த கை 6-ஐச் சுற்றியே போகும், நீங்கள் இருவரும் ஒத்துப்போனதாகத் தோன்றும். திருத்துவதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தத் தாளை ஒருவர் மட்டும் திருத்தியதாகவே பதிவு செய்யுங்கள்.